"லிஸ்ட்ல இல்லையே": இருவரும் வேலைக்குப் போகும் ஒரு வீட்டின் நினைவுச்சுமை குறித்த நிகழ்வு ஆய்வு

குடும்ப ஆலோசகராக நான் சந்தித்த ஒரு தம்பதியின் ஏழு மாத அனுபவம் இங்கே பதிவு செய்யப்படுகிறது. இருவரும் எழுதுவதற்கு ஒப்புதல் தந்திருக்கிறார்கள்; அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. "மனச்சுமை" என்று எழுதினால் துக்கம், கவலை என்ற பொருளே நம் காதில் முதலில் விழுகிறது. நான் சொல்ல வருவது அது அல்ல. ஒரு வீடு நடப்பதற்கு எது எப்போது தேவைப்படும் என்று முன்னதாக எண்ணி, மறக்காமல் வைத்திருந்து, நடந்ததா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் வேலையைத்தான் இந்தக் கட்டுரை முழுவதும் நினைவுச்சுமை என்று குறிப்பிடுகிறேன்.

பின்னணி

தாம்பரத்தை ஒட்டிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் குடும்பம். மனைவிக்கு 36 வயது. வங்கிக் கிளை ஒன்றில் அதிகாரி. கணவருக்கு 39 வயது; பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் குழுத் தலைவர். மகள் நான்காம் வகுப்பு, மகன் எல்.கே.ஜி. கணவரின் தாயார் 68 வயதானவர். பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர், கடந்த மூன்று ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்கிறார். பாத்திரம் துலக்கவும் வீடு கூட்டித் துடைக்கவும் ஓர் அம்மா காலையில் ஒரு மணி நேரம் வந்து போகிறார்.

இந்த வீட்டில் கணவர் கை கட்டி உட்கார்ந்திருப்பவர் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காலையில் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது, துணி துவைக்கும் இயந்திரத்தைப் போட்டுக் காயவைப்பது, இரவுச் சாப்பாட்டுக்குத் தோசை வார்ப்பது, தாயாருக்கு ஊசி போடுவது ஆகியவை அவர் வேலைகள். அக்கம்பக்கத்தில் அவருக்கு நல்ல பெயர். "உனக்கென்னடி, உன் வீட்டுக்காரர் எல்லாம் செய்றாரு" என்று மனைவியின் உறவினர்கள் சொல்லும்போதெல்லாம் தனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை என்றும், தான் ஏன் இப்படிக் களைத்துப்போகிறோம் என்பதே தனக்கு விளங்கவில்லை என்றும் மனைவி பின்னர் என்னிடம் கூறினார்.

இன்சுலின் தீர்ந்த இரவு

மனைவிக்கு மும்பையில் ஐந்து நாள் பயிற்சி வந்தது. புறப்படுவதற்கு முன் இரண்டு இரவுகள் விழித்திருந்து, 23 குறிப்புகள் கொண்ட ஒரு பட்டியலை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். செவ்வாய்க்கிழமை மகளுக்கு வெள்ளைச் சீருடை, வியாழன் காலை பால்காரருக்குப் பணம், தண்ணீர் கேன் இரண்டு, மாவு அரைக்க வெந்தயம் சேர்த்து ஊறவைப்பது என்று எல்லாம் அதில் இருந்தன. கணவர் நான்கு நாட்களும் ஒவ்வொன்றையும் செய்து டிக் அடித்தார், ஒன்றும் தவறவில்லை.

நான்காம் நாள் இரவு எட்டரை மணிக்குத் தாயாருக்கு ஊசி போட இன்சுலின் குப்பியை எடுத்தபோது, அதில் ஊசிக்குள் ஏறும் அளவுக்குக்கூட மருந்து இல்லை. கதவுத் தட்டில் மாற்றுக் குப்பி இல்லை. தெருமுனை மருந்துக்கடையில் அந்தக் கலவை இருப்பு இல்லை. அடுத்த கடைக்காரர் அதே பெயரில் இன்னொரு குப்பியை எடுத்துக் கொடுத்தார். கணவர் அதை வாங்கிவிடத்தான் இருந்தார். அதற்குள் மனைவி தொலைபேசியில் கிடைத்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "குப்பி மேல 40-னு போட்டிருக்கா, 100-னு போட்டிருக்கா?" என்பது.

அந்தக் கேள்வி சாதாரணமானது அல்ல. வீட்டில் இருந்தவை ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் மருந்துக்கான ஊசிகள். கடைக்காரர் கொடுத்ததோ 100 யூனிட் செறிவுள்ளது. பழைய ஊசியில் இரவு அளவான 10 என்ற கோடு வரை அதை ஏற்றியிருந்தால், உள்ளே போயிருப்பது 25 யூனிட், இரண்டரை மடங்கு. இந்தத் தவறில் நள்ளிரவில் சர்க்கரை மிகவும் தாழ்ந்து முதியவர்கள் மயங்கிவிடுவது உண்டு. சரியான மருந்து எந்தக் கடையில் இருக்கும் என்பதையும் மனைவி மும்பையிலிருந்தே சொன்னார். கணவர் அதை வாங்கி வீடு திரும்பியபோது மணி பத்தே கால். தாயார் அதுவரை சாப்பிடாமல் காத்திருந்தார்.

மனைவி ஊர் திரும்பிய அன்று பெரிய வாக்குவாதம் நடந்தது. "லிஸ்ட்ல இல்லையே. இருந்திருந்தா வாங்கியிருப்பேன்ல?" என்று கணவர் கேட்டார். "அது லிஸ்ட்டே இல்லைங்க, அது எனக்குத் தெரியும், அவ்வளவுதான்" என்று மனைவி சொன்னார். இரண்டுமே உண்மை என்பதுதான் சிக்கல். நான்கு நாட்கள் ஒருவரோடொருவர் சரியாகப் பேசாமல் இருந்த பிறகு, ஐந்தாம் நாள் மனைவிதான் என் எண்ணைத் தேடிப் பிடித்து நேரம் குறித்தார். நேரம் குறிப்பதும் அவர் வேலையாகவே இருந்தது என்பதை நான் வெகு தாமதமாகத்தான் கவனித்தேன்.

முதல் சந்திப்பில் தெரிந்தவை

வழக்கமாக இத்தகைய வழக்குகளில் முதலில் யார் என்ன செய்கிறார் என்ற பட்டியல் போடுவோம். இவர்களுக்கும் போட்டோம். உடலுழைப்பு நேரத்தைக் கணக்கிட்டபோது மனைவி நாளொன்றுக்குச் சராசரியாக 2 மணி 50 நிமிடமும், கணவர் 2 மணி 5 நிமிடமும் வீட்டுவேலை செய்வதாக வந்தது. நம் நாட்டு நிலவரத்தில் இது அரிய சமநிலை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடங்களும் ஆண்கள் 88 நிமிடங்களும் அதற்குச் செலவிட்டதாகப் பதிவாகியிருக்கிறது. இந்த வீட்டின் கணக்கைக் கண்ட கணவர் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார்; மனைவி இன்னும் சோர்ந்துபோனார்.

ஆனால் அந்தக் கணக்கெடுப்பு ஒரு நாளை அரைமணித் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் என்ன செய்தீர்கள் என்று கேட்கிறது. வங்கிக் கவுண்ட்டரில் ஒருவருடைய நகைக்கடன் விண்ணப்பத்தைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போதே, "நாளைக்குப் பையனுக்குப் பச்சைக் கலர் டே, பச்சைச் சட்டை சின்னதாயிடுச்சே" என்று பத்து விநாடி தோன்றி மறைவது எந்தத் துண்டிலும் விழாது. நான் போட்ட பட்டியலிலும் விழவில்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே எனக்குக் கைகொடுத்தது. 35 தம்பதிகளைப் பேட்டி கண்டு, வீட்டுக்கான சிந்தனை உழைப்பை அவர் நான்கு பகுதிகளாகப் பிரித்திருந்தார்: தேவையை முன்கூட்டி உணர்வது, அதற்கான வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுப்பதில் ஆண்களும் பெண்களும் ஏறத்தாழச் சேர்ந்தே பங்கேற்கிறார்கள் என்றும், முதலாவதும் கடைசியுமான பகுதிகள்தான் பெரும்பாலும் பெண்கள்மீது விழுகின்றன என்றும் அவர் கண்டிருந்தார். "எல்லா முடிவையும் சேர்ந்துதான் எடுக்கிறோம்" என்று கணவர்கள் மனதாரச் சொல்வதும், "எல்லாத்தையும் நான்தான் பார்க்கிறேன்" என்று மனைவிகள் அழுவதும் ஒரே வீட்டில் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும் என்பதை இந்தப் பிரிப்பு விளக்குகிறது.

பதினான்கு நாள் குறிப்பேடு

ஆளுக்கொரு சின்னக் குறிப்பேடு வாங்கிக்கொள்ளச் சொன்னேன். செய்த வேலையை அதில் எழுதக்கூடாது. வீட்டைப் பற்றி நினைவுக்கு வந்தது, விசாரித்தது, முடிவுசெய்தது, நடந்ததா என்று பார்த்தது ஆகியவற்றை மட்டும் நேரத்தோடும் இடத்தோடும் ஒரு வரியில் எழுத வேண்டும். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக்கூடாது.

பதினான்கு நாள் முடிவில் மனைவியிடம் 171 பதிவுகளும் கணவரிடம் 46 பதிவுகளும் இருந்தன. முடிவெடுத்தல் என்ற வகையில் இருவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை: மனைவிக்கு 22, கணவருக்கு 17. முன்கூட்டி உணர்தலில்தான் பிளவு வெளிப்பட்டது. மனைவி 74, கணவர் 9. கண்காணித்தலில் மனைவி 47, கணவர் 7. எண்ணிக்கையைவிட இடம் என்னை யோசிக்க வைத்தது. மனைவியின் 171 பதிவுகளில் 62, கிளை திறந்திருக்கும் நேரத்தில் எழுதப்பட்டவை. கணவர் அலுவலகத்தில் இருக்கும்போது எழுதியவை மூன்றுதான்; மூன்றுமே மனைவி அனுப்பிய செய்தியைக் கண்டு எழுதியவை.

மனைவியின் குறிப்பேட்டிலிருந்து ஒரு புதன்கிழமைக் காலையை அவர் அனுமதியோடு தருகிறேன். "5.40, படுக்கை: இட்லி மாவு இன்னைக்கோட சரி. 6.05, அடுக்களை: அத்தை ஊசி டப்பா திறந்தப்போ பார்த்தேன், ஊசி ஆறுதான் இருக்கு. 7.50, வாசல்: வேன் அண்ணன் நாளைக்கு வரமாட்டார்னு போன வாரம் சொன்னார், இவர்கிட்ட சொன்னேனா? 9.20, பஸ்: பாப்பா டீச்சர் பேரண்ட்ஸ் மீட்டிங் சனிக்கிழமையா, அதுக்கடுத்ததா? 11.15, கவுண்ட்டர்: பெரியப்பா பேத்தி காதுகுத்து, மொய் நோட்டுல அவங்க நமக்கு என்ன வெச்சாங்கன்னு பார்க்கணும்."

கணவர் இதை வாங்கிப் படித்துவிட்டு நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "ஊசி ஆறு இருக்குன்னு நானும்தான் பார்த்திருக்கேன். தினம் நான்தானே போடறேன். ஆனா எண்ணல" என்றார். இந்த வழக்கில் எனக்கு மிகவும் உதவிய வாக்கியம் இதுவே. மருந்துப் பெட்டியைத் தினம் இருமுறை திறப்பவர் அவர். அதில் எவ்வளவு மீதி என்று கணக்கு வைத்திருந்தவர் மனைவி. எண்ண வேண்டிய பொறுப்பு தன்னுடையதாக இல்லாததால் அவர் கண்ணுக்கு அது எண்ணிக்கையாகத் தெரியவில்லை.

முதல் முடிவும் அது தோற்றதும்

நான் பரிந்துரைத்த முதல் தீர்வு எளிமையானது, தவறானதும்கூட. சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒரு வெள்ளைப் பலகை மாட்டி, எல்லாத் தேவைகளையும் அதில் எழுதி, இருவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்றேன். தலைக்குள் இருப்பது சுவருக்கு வந்துவிட்டால் சுமை குறையும் என்பது என் கணக்கு.

மூன்று வாரம் கழித்து அந்தப் பலகையின் படத்தைப் பார்த்தேன். அழகாக இருந்தது. அதில் இருந்த 31 வரிகளில் 28 மனைவியின் கையெழுத்து. கணவர் தன் பெயருக்கு நேரே இருந்தவற்றைத் தவறாமல் செய்திருந்தார். மீதி மூன்று வரிகளுக்குமேல் புதிதாக எதையும் எழுதவில்லை. மனைவிக்கு இப்போது பலகையைப் பராமரிப்பதும் ஒரு வேலையாகச் சேர்ந்திருந்தது. மும்பைக்குப் போகும் முன் ஒருமுறை எழுதிய பட்டியலை இப்போது தினமும் எழுதுகிறேன் என்றார். பட்டியல் போடுவதே அந்த உழைப்பின் பெரும்பகுதி என்பதைக் குறிப்பேடுகள் சொல்லிய பிறகும் நான் பட்டியலையே மருந்தாகக் கொடுத்திருந்தேன்.

இரண்டாவது முடிவு: துறையாக ஒப்படைத்தல்

பலகையைக் கழற்றிவிட்டோம். வேலைகளைத் துண்டு துண்டாகப் பங்கிடாமல், ஒரு துறையை அதன் நான்கு பகுதிகளோடும் ஒருவரிடமே விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. தாயாரின் சிகிச்சை, வீட்டு இருப்பு (மளிகை, எரிவாயு, தண்ணீர் கேன்) ஆகிய இரண்டும் கணவருக்கு முழுதாகப் போயின. பள்ளி சார்ந்தவை அப்போதைக்கு மனைவியிடமே இருந்தன. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது எதனால் தவறுகிறது என்று தெரியாது என்பது ஒரு காரணம். இந்த இரண்டு துறைகளும் சுழற்சியாக வருபவை, கணக்குப் போட்டுக் கற்றுக்கொள்ளக் கூடியவை என்பது மற்றொன்று.

தாயாரின் சிகிச்சையை ஒப்படைத்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மனைவி இம்முறை பட்டியல் எழுதித் தரவில்லை. கணவரே மருத்துவரின் சீட்டை எடுத்துவைத்துக் கணக்குப் போட்டார். காலை 18 யூனிட், இரவு 10 யூனிட், நாளுக்கு 28. ஒரு குப்பியில் 10 மில்லிலிட்டர், அதாவது 400 யூனிட். ஆக ஒரு குப்பி 14 நாள் வரும், அதற்குமேல் வராது. குப்பியைத் திறக்கும் நாளன்று அதன் அட்டைப் பெட்டியில் தேதியை எழுதுவது, திறந்த அன்றே அடுத்த குப்பியை வாங்கி உள்ளே வைத்துவிடுவது என்ற வழக்கத்தை அவரே வகுத்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனைக்கும் அதை ஒட்டிய மருத்துவர் சந்திப்புக்கும் தன் அலுவலக நாட்காட்டியிலேயே நேரம் அடைத்தார். மனைவியின் தலைக்குள் ஆண்டுக்கணக்காக ஓசையின்றி ஓடிக்கொண்டிருந்த கணக்கு, அவர் போட்டபோது அரைப் பக்கம் வந்தது.

இதோடு இரண்டு உடன்பாடுகள் செய்துகொண்டார்கள். முதலாவது, எது போதும் என்ற அளவை முன்கூட்டிப் பேசி முடிப்பது. மளிகையில் மனைவிக்குக் குறிப்பிட்ட கடையின் துவரம்பருப்புதான் வேண்டும். கணவருக்கு எந்தப் பருப்பும் பருப்புதான். பேசியதில், அரிசியும் நல்லெண்ணெயும் மட்டும் வழக்கமான இடத்தில் வாங்குவது, மற்றவை வாங்குபவர் விருப்பம் என்று முடிந்தது. இதைப் பேசாமல் ஒப்படைத்தால், முதல் வாரமே "இதையா வாங்கிட்டு வந்தீங்க" என்ற கேள்வி எழும். வேலை மெல்லப் பழைய கைக்கே திரும்பிவிடும். இரண்டாவது, ஒப்படைத்த துறையில் மனைவி நினைவூட்டக்கூடாது. இதை வலியுறுத்தியவன் நான். அதன் விளைவு கீழே வருகிறது.

சிலிண்டர் தீர்ந்த வாரம்

ஐந்தாவது வாரம், ஒரு திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்குச் சமையல் எரிவாயு தீர்ந்தது. இரட்டைச் சிலிண்டர் இணைப்பு உள்ள வீடு அது. ஆனால் முந்தைய மாதம் காலியான சிலிண்டருக்குப் பதிவே செய்யப்படவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இரண்டு சிலிண்டர்கள் இருப்பது ஒன்று தீர்ந்ததும் அடுத்ததைப் பதிவுசெய்ய அவகாசம் தருவதற்காக என்பதைக் கணவர் கணக்கில் எடுக்கவில்லை. இன்னொன்று இருக்கிறதே என்று இருந்துவிட்டார். புதிய சிலிண்டர் வர மூன்று நாள் ஆயிற்று. அதுவரை மின்னடுப்பில் சமைத்தார்கள். பிள்ளைகளுக்கு இரண்டு நாள் வெளிச் சாப்பாடு.

அடுத்த சந்திப்பில் மனைவி ஒன்றைச் சொன்னார். பதிவு செய்யவில்லை என்பது தனக்குப் பதினைந்து நாளாகத் தெரியும் என்றும், நான் சொன்னதற்காக வாயை மூடிக்கொண்டிருந்ததாகவும், அந்தப் பதினைந்து நாளும் நினைவூட்டியிருந்தால் ஆகியிருக்கக்கூடிய களைப்பைவிட அதிகமாகக் களைத்துப்போனதாகவும் அவர் சொன்னார். கணவர் முதன்முறையாகக் கோபப்பட்டார். "தெரிஞ்சும் சொல்லாம இருந்தியா? நான் பரீட்சையா எழுதறேன்?" என்றார்.

அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. தவறு என் விதியில். நினைவூட்டாதே என்று சொல்லிவிட்டால் பொறுப்பு கைமாறிவிடும் என்று எண்ணினேன். உண்மையில் கண்காணிப்பு மனைவியிடமே தங்கிவிட்டது. முன்பு வாய் விட்டுச் செய்ததை இப்போது மௌனமாகச் செய்தார். விதியை மாற்றினோம். உடல்நலத்தையோ பிள்ளைகளின் பாதுகாப்பையோ தொடுவதாக இருந்தால் யார் கவனித்தாலும் உடனே சொல்ல வேண்டும். மற்றவற்றுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலைக் காப்பிக்குப் பிறகு இருபது நிமிடம் உட்கார்ந்து, துறைக்கு உரியவர் தன் துறையில் அடுத்த வாரம் என்ன வருகிறது என்று தானே சொல்வார், மற்றவர் கேட்டுக்கொள்வார். மனைவிக்கு இது தந்த நிம்மதி, தான் கேட்காமலேயே பதில் வந்துவிடுகிறது என்பதில் இருந்தது. வாரத்தில் ஒருமுறை நிச்சயமாகத் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான், நடுவில் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து குப்பியை ஆட்டிப் பார்க்கும் பழக்கத்தை அவர் விட்டார். அதற்கு ஏழு வாரம் பிடித்தது.

வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் இருந்த தடைகள்

தம்பதி இருவர் ஒத்துக்கொண்டால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். தாயாரிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கால் மரத்துப்போகிறது என்றால் அவர் மருமகளிடம்தான் சொன்னார். மகனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது, "அவனே அலுத்துச் சலிச்சு வர்றான், அவன்கிட்ட போய் இதைச் சொல்லவா?" என்றார். அதே நேரத்தில், அதே அலுப்போடு மருமகளும் பேருந்தில் நின்றுகொண்டே வருகிறார் என்பது அவர் கணக்கில் வராததற்கு அவரிடம் அன்பு இல்லாதது காரணம் அல்ல. உடம்பைப் பற்றிப் பெண்ணிடம்தான் பேச வேண்டும் என்று பழகிய தலைமுறை அது. கணவர் ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, டாக்டர்கிட்ட நான்தான் கூட்டிட்டுப் போறேன். என்கிட்ட சொன்னாதான் நான் அவர்கிட்ட சொல்ல முடியும்" என்று கேட்டுக்கொண்ட பிறகு மெல்ல மெல்ல மாறினார்.

வெளியே இருந்தவர்கள் அப்படி மாறவில்லை. மூன்றாம் மாதத்தில் பள்ளி வேன் விவகாரத்தையும் கணவர் எடுத்துக்கொண்டார். ஓட்டுநரிடம் தன் எண்ணைக் கொடுத்தார். வேன் தாமதமானால் ஓட்டுநர் அப்போதும் "மேடம்"தான் என்று மனைவிக்கே அழைத்தார். பள்ளிப் படிவத்தில் தந்தையின் எண் முதலில் எழுதப்பட்டிருந்தும், மகனுக்குக் காய்ச்சல் என்ற அழைப்பு இரண்டு முறையும் வங்கிக்கே போனது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கணவரைச் சேர்த்தபோது, அதிலிருந்த தாய்மார்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேறொரு குழுவைத் தொடங்கினார்கள். நாளைக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்ற உண்மையான தகவல் அங்கே போய்விட்டது. இது எனக்கு வேடிக்கையாகவும் வருத்தமாகவும் இருந்தது. ஓட்டுநரின் அழைப்பை மட்டும், "சாருக்குப் பண்ணுங்க அண்ணா" என்று ஒவ்வொரு முறையும் திருப்பிவிட்டு, ஏறத்தாழ இரண்டு மாதத்தில் வழிக்குக் கொண்டுவந்தார்கள்.

ஆறாம் மாதத்தில் இருந்த நிலை

மாற்றம் தொடங்கி ஆறாம் மாதத்தில் மீண்டும் பதினான்கு நாள் குறிப்பேடு எழுதச் சொன்னேன். மனைவி 104, கணவர் 93. முன்கூட்டி உணர்தலில் மனைவி 41, கணவர் 38. கிளை நேரத்தில் மனைவி எழுதியவை 62-இலிருந்து 25 ஆகக் குறைந்திருந்தன. ஒரு குறிப்பேட்டை வைத்து அறுதியாக எதையும் சொல்ல முடியாது. எழுதப் பழகியதாலேயே கணவரின் எண்ணிக்கை ஓரளவு கூடியிருக்கலாம். ஆனால் அதில் ஒரு பதிவை என்னால் அப்படித் தள்ளிவிட முடியவில்லை. தாயாரின் வயிற்றில் ஊசி போடும் இடத்தில் சிறு கட்டிபோலத் தடித்திருப்பதை அவர் கவனித்து, மருத்துவரிடம் காட்டியிருந்தார். ஒரே இடத்தில் தொடர்ந்து போட்டால் தோலுக்கடியில் கொழுப்பு இப்படித் தடிக்கும்; அங்கே போடும் மருந்து உடலில் சீராகச் சேராது. இடம் மாற்றி மாற்றிப் போடும்படி மருத்துவர் சொன்னார். மூன்று ஆண்டுகள் ஊசி போட்டவர், துறை தன்னுடையதான பிறகே அந்த இடத்தைக் கண்ணால் பார்த்தார்.

மாறாதவையும் உண்டு. வேலைக்கு வரும் அம்மா கணவரிடம் பேசத் தயங்குகிறார்; அவர் விடுப்பு எடுக்கும் செய்தி இன்றும் மனைவிக்கே வருகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யார் விடுப்பு எடுப்பது என்பதில், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் வசதி கணவருக்கு இருந்தும், ஆறு மாதத்தில் ஐந்து முறை மனைவியே எடுத்திருக்கிறார். மொய் நோட்டையும் உறவினர் விசேஷங்களையும் மனைவி தர மறுத்துவிட்டார். அதில் ஒரு தவறு நேர்ந்தால் கணவரின் பெயர் கெடாது, தன் பெயர்தான் கெடும் என்றார். நான் அதை மறுக்கவில்லை.

மீண்டும் செய்தால் மாற்றக்கூடியவை

குறிப்பேட்டிலிருந்து நேராகத் துறை ஒப்படைப்புக்குப் போவேன். வெள்ளைப் பலகைக்கு இழந்த மூன்று வாரத்தில் மனைவியின் நம்பிக்கை கணிசமாகக் குறைந்திருந்தது. குறிப்பேடும் ஒரு வாரம் போதும். இரண்டாம் வாரத்தில் இருவரும் ஒருவருக்கொருவர் காட்டுவதற்காக எழுதத் தொடங்கியிருந்தார்கள் என்பது பதிவுகளின் நடையிலேயே தெரிந்தது.

தாயாரை இரண்டாம் சந்திப்பிலேயே அழைத்திருப்பேன். அவருடைய உடம்பைப் பற்றிய ஏற்பாட்டை அவரைக் கேளாமல் மூவர் உட்கார்ந்து முடிவு செய்தது முறையும் அல்ல, பயனும் தரவில்லை. ஓட்டுநர், பள்ளி, வேலைக்கு வரும் அம்மா ஆகியோரின் தொடர்பு எண்ணை மாற்றுவதைக் கடைசியில் வரும் சில்லறை வேலையாக எண்ணாமல், துறையை ஒப்படைக்கும் அன்றே செய்யச் சொல்வேன். தகவல் யாருக்கு முதலில் வருகிறதோ, முன்கூட்டி உணரும் வேலை அவரிடம்தான் தங்குகிறது.

இந்த வழியின் எல்லையையும் குறித்துவைக்கிறேன். கணவர், தன் குறைபாட்டைப் பிறர் சுட்டிக்காட்டியபோது வாதாடாமல் எண்ணிப் பார்த்தவர். அந்த வீட்டில் பயமோ வன்முறையோ இல்லை. ஒரு வாரம் வெளிச் சாப்பாடு வாங்கும் அளவுக்குப் பணம் இருந்தது. இவை இல்லாத வீடுகளில் ஒரு துறை தவறும் காலத்தின் விலையை மனைவியும் பிள்ளைகளும்தான் கொடுக்க நேரும். அங்கே இதே முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைசிச் சந்திப்புக்கான நேரத்தைக் கணவர் தொலைபேசியில் அழைத்துக் குறித்தார். விடுப்பு யார் எடுப்பது என்பதே அன்றைய பேச்சாக இருந்தது. அது முடியவில்லை, அடுத்த காலாண்டில் முதல் மூன்று முறை கணவர் எடுப்பது என்ற அளவில் எழுதிவைத்துக்கொண்டு எழுந்தார்கள்.